க்ளோ பிளக் பிழைக்குறியும் வெண்புகையும்: ஒரு கேம்பர் வேன் டீசல் ஹீட்டரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டியின் இன்ஜினை ஓட்டாமலேயே உட்புறத்தைச் சூடாக்கும் டீசல் பார்க்கிங் ஹீட்டர் ஒன்று, ஒரு சிறிய கேம்பர் வேனில் பொருத்தப்பட்டிருந்தது. அது 12 வோல்ட்டில் இயங்கும் 5 கிலோவாட் ஹீட்டர். பயணி இருக்கைக்கு அடியில், வண்டித் தரையில் பதித்த ஓர் இரும்புத் தகட்டின்மேல் அது அமர்ந்திருந்தது. காற்று உறிஞ்சும் குழாய், புகைக்குழாய், எரிபொருள் குழாய் ஆகிய மூன்றும் அந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் சென்றன. மின்சாரம், வீட்டு உபயோகத்துக்கென வண்டியின் பின்பகுதியில் வைக்கப்பட்டிருந்த 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியிலிருந்து வந்தது.

உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் பல வாரங்களைத் தொடர்ந்து வண்டியிலேயே கழிப்பவர். ஹீட்டரை அவர் இரண்டு குளிர்காலம் பயன்படுத்தியிருந்தார். வண்டி சிறியது, ஹீட்டரோ பெரியது. ஆகவே இரவு முழுவதும் அதை மிகக் குறைந்த நிலையிலேயே வைத்திருந்தார். முழு வேகத்தில் ஓட்டிய நினைவே அவருக்கு இல்லை. இந்த விவரம் தொடக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படவில்லை. பின்னால் அதன் பொருள் புரிந்தது.

நடந்ததைப் பின்தொடர, இந்த ஹீட்டர் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் உள்விசிறி மெதுவாகச் சுழல்கிறது. க்ளோ பிளக்குக்கு மின்சாரம் பாய்ந்து, அதன் பீங்கான் முனை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தணலாகச் சிவக்கிறது. அதன் பிறகு டோசிங் பம்ப் டிக், டிக் என்ற ஓசையுடன் டீசலைச் சிறிது சிறிதாகத் தள்ளுகிறது. பிளக்கைச் சுற்றி உருளையாகச் சுருட்டி வைக்கப்பட்டுள்ள மெல்லிய உலோக வலையில் அந்த டீசல் ஊறிப் பரவி, தணலின் சூட்டில் ஆவியாகித் தீப்பற்றுகிறது. சுடர் நிலைபெற்றதை வெப்ப உணரி உறுதிசெய்தவுடன் பிளக் அணைந்துவிடும். அதன்பின் எரிதல் தானாகவே தொடரும். நிறுத்தும்போது பம்ப் முதலில் நிற்கும். எஞ்சிய டீசலை எரித்துத் தீர்க்கப் பிளக் மீண்டும் சிறிது நேரம் தணலாகும். விசிறி மேலும் சில நிமிடங்கள் ஓடி உலோகப் பகுதிகளைக் குளிர்விக்கும்.

ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர்தான். பிளக் தணலாக இருக்கும் அந்தத் தொடக்க நிமிடத்தில் மட்டும் அது எட்டு முதல் பத்து ஆம்பியர் வரை உயரும். இந்த நிகழ்வின் முடிச்சு முழுவதும் அந்த ஒரு நிமிடத்துக்குள்தான் இருந்தது.

முதல் அறிகுறிகளும் முதல் முடிவும்

இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில், ஹீட்டர் முதல் முயற்சியிலேயே பற்றிக்கொள்வது நின்றது. பொத்தானை அழுத்தினால் புகைக்குழாயிலிருந்து வெண்புகை வரும். ஹீட்டர் தானாகவே இரண்டாம் முறை முயன்ற பிறகுதான் பற்றும். சில வாரங்களில், இரண்டாம் முயற்சியும் தோற்றுத் திரையில் `E-10` என்ற குறி வரத் தொடங்கியது. அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்குப் பற்றவைப்புத் தோல்வி என்று பொருள். எல்லா ஹீட்டர்களிலும் இதே எண்கள் இதே பொருளில் வருவதில்லை. ஆகவே அந்தந்த ஹீட்டரின் கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஒரு காலையில் `E-03` வந்தது. கையேட்டில் அதற்கு எதிரே "க்ளோ பிளக் கோளாறு" என்று இருந்தது. உரிமையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் குறியைப் படித்துக் காட்டினார். நான் அவரிடம், பெரும்பாலும் பிளக் தீர்ந்துபோயிருக்கும், மாற்றிப் பாருங்கள் என்று சொன்னேன். வண்டியைப் பார்க்காமல், மின்னழுத்தத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் சொன்ன அறிவுரை அது. பின்னால் நடந்தவற்றில் அதற்குப் பங்கு உண்டு என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் ஹீட்டரைத் தகட்டிலிருந்து கழற்றி, பழைய பிளக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். பிளக்கைச் சுற்றியுள்ள வலையை அவர் தொடவில்லை. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அவருக்குத் தெரியாது. பழைய பிளக்கை எறிந்துவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அது பின்னால் பெரிதும் உதவியது.

புதிய பிளக்குடன் `E-03` மறைந்தது. நான்கு நாட்கள் ஹீட்டர் ஓடியது. வெண்புகை குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆனாலும் பிழைக்குறி போய்விட்டதால் வேலை முடிந்தது என்றே இருவரும் எண்ணினோம்.

ஐந்தாம் நாள்

ஐந்தாம் நாள் இரவு கடுங்குளிர். ஹீட்டர் பற்றவில்லை, முதலில் `E-10`, அடுத்து `E-03`. உரிமையாளர் குறியை அழித்துவிட்டு மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினார். ஐந்து முறை என்று அவர் நினைவு. ஒவ்வொரு முறையும் வெண்புகை அடர்ந்தது. ஐந்தாம் முறை திடீரென்று பற்றிக்கொண்டது. ஆனால் வழக்கமான மென்மையான இரைச்சலாக இல்லாமல், அடுப்பு உறுமுவது போன்ற ஓசை எழுந்தது. வெண்புகை சில நொடிகளில் கரும்புகையாக மாறியது. புகைக்குழாயின் முனையில் சுடர் தெரிந்தது. வண்டிக்குள்ளும் டீசல் புகையின் நெடி ஏறியது. அவர் பதறிப்போய் பேட்டரியின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவுகளைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சற்று நேரத்தில் ஓசை அடங்கியது. மற்றபடி யாருக்கும் தீங்கு ஏதுமில்லை.

இதில் நடந்தது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியிலும் பம்ப் டீசலைத் தள்ளிவிடுகிறது. அது எரியாவிட்டால் ஒரு பகுதி ஆவியாகி வெண்புகையாக வெளியேறும், மீதி, டீசல் எரியும் அறையான பர்னரின் அடியிலும் புகைக்குழாயிலும் தேங்கும். ஒரு முயற்சிக்கு மூன்று மில்லிலிட்டர் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், ஒரு பொத்தான் அழுத்தத்துக்கு இரண்டு முயற்சி என்ற வகையில் ஐந்து அழுத்தங்களில் முப்பது மில்லிலிட்டர் டீசல் உள்ளே போயிருக்கும். அது கடைசியில் பற்றும்போது, பம்ப் அளந்து கொடுக்கும் அளவுக்குக் கட்டுப்பட்டு எரிவதில்லை. தேங்கியது முழுவதும் தன் போக்கில் எரிகிறது. கிடைக்கும் காற்று அத்தனை டீசலுக்குப் போதாததால்தான் புகை கருப்பானது. ஆகவே வெண்புகை என்பது பற்றாத டீசல். கரும்புகை என்பது காற்று போதாமல் எரியும் டீசல். இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டால் கோளாறைத் தேடும் திசையே தவறிவிடும்.

முதன்மைச் சுவிட்சை அணைத்தது அச்சத்தில் செய்த இயல்பான செயல். ஆனால் அதனால் குளிர்விக்கும் விசிறியும் நின்றுபோனது. தீ ஹீட்டருக்கு வெளியே பரவாத வரை, ஹீட்டரின் சொந்தப் பொத்தானால் நிறுத்திவிட்டு, விசிறியை ஓடவிட்டு, ஆட்கள் வெளியேறி நிற்பதே சரியான வழி. தீ வெளியே பரவினால் எந்தச் சுவிட்சையும் யோசிக்காமல் அணைக்கலாம்.

நேரில் பார்த்தபோது

மறுநாள் காலையில் வண்டியைப் பார்த்தேன். எடுத்த முதல் முடிவு, பொத்தானை அழுத்துவதில்லை என்பது. பர்னருக்குள் இன்னும் டீசல் இருக்கக்கூடும் என்ற நிலையில், "ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள், பார்க்கிறேன்" என்று கேட்பது முந்தின இரவையே மீண்டும் அழைப்பதாகும். இரண்டாவது முடிவு, வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்தப்படும் வரை அதில் யாரும் ஹீட்டரை ஓட்டிக்கொண்டு உறங்கக் கூடாது என்பது. அதுவரை அந்த வண்டியில் அப்படி ஒரு கருவி இருந்ததில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. டீசல் நெடி உள்ளே வந்தது என்றால், அந்த வாயுவும் வருவதற்கு வழி இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் தொடக்க நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை அளக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே எரிபொருள் குழாயை ஹீட்டரின் வாயிலிருந்து கழற்றி, வண்டிக்கு வெளியே, தரையில் வைத்த ஓர் அளவுக் குடுவைக்குள் விட்டேன். இப்படிச் செய்தால் பம்ப் இயங்கும், பிளக் தணலாகும், விசிறி சுழலும். டீசல் மட்டும் பர்னருக்குள் போகாது. தேங்கிய டீசல் பிளக்கின் சூட்டில் சிறிதளவு புகையலாம் என்பதால் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, தீயணைப்பானைக் கையெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டோம். இந்த ஓர் ஏற்பாட்டில் எரிபொருளின் அளவையும் மின்னழுத்தத்தையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடலாம்.

எரிபொருள் பக்கம் விரைவில் தீர்ந்தது. பம்பின்மேல் ஆயிரம் துடிப்புகளுக்கு 22 மில்லிலிட்டர் என்று குறித்திருந்தது; ஒரு துடிப்புக்கு ஒரு டிக் ஓசை. இருநூறு டிக் ஓசைகளை எண்ணிக் குடுவையைப் பார்த்தேன், 4.4 வர வேண்டிய இடத்தில் 4.2 மில்லிலிட்டர் இருந்தது. ஒளி ஊடுருவும் அந்தக் குழாயில் காற்றுக் குமிழ்களும் ஓடவில்லை. பம்ப், வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்வாகவே பொருத்தப்பட்டிருந்தது. டீசல் குறைவாகவோ அதிகமாகவோ வரவில்லை.

மின்சாரப் பக்கம்தான் விஷயம் இருந்தது. எதுவும் ஓடாதபோது ஹீட்டரின் மின் நுழைவாயிலில் 12.5 வோல்ட் காட்டியது. இதை மட்டும் பார்ப்பவர் மின்சாரத்தில் குறையே இல்லை என்று சொல்லிவிடுவார். பிளக் தணலாகி, கிளாம்ப் மீட்டர் 9 ஆம்பியர் காட்டிய அந்த நிமிடத்தில், பேட்டரி முனைகளில் 12.2 வோல்ட் இருந்தது. ஹீட்டரின் நுழைவாயிலிலோ 10.7 வோல்ட்தான். இடையில் ஒன்றரை வோல்ட் காணாமல் போயிருந்தது.

அது எங்கே போகிறது என்று தேட, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர் முனையில் வைத்து, மறு முனையைக் கம்பியின் வழியில் ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திப் பார்த்தேன். பின் எதிர்முனைப் பக்கத்திலும் அவ்வாறே செய்தேன். பியூஸ் தாங்கியின் இரு பக்கங்களுக்கு இடையில் மட்டும் 0.7 வோல்ட் விழுந்தது. திறந்து பார்த்தால், பற்றுத் தகடுகள் பச்சையேறியிருந்தன. பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. மீதி 0.8 வோல்ட், கம்பியிலேயே போனது. பேட்டரி பின்பகுதியில், ஹீட்டர் முன்பகுதியில். போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர் என எட்டு மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை யாரோ இழுத்திருந்தார்கள். அந்தத் தடிமனுள்ள தாமிரக் கம்பியின் தடை எட்டு மீட்டருக்கு ஏறத்தாழ 0.09 ஓம், ஒன்பது ஆம்பியர் பாய்ந்தால் 0.8 வோல்ட் விழும். அளந்ததும் கணக்கும் ஒத்துப்போயின.

ஒன்றரை வோல்ட் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பிளக்கில் உண்டாகும் வெப்பம், மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 12.2 வோல்ட்டில் கிடைக்க வேண்டிய வெப்பத்தில், 10.7 வோல்ட்டில் முக்கால் பங்கே கிடைக்கும். பீங்கான் முனை சிவந்துதான் இருக்கும். பளீரென்ற ஆரஞ்சு நிறத்துக்கு வராது. அந்தச் சூட்டில் டீசல் ஆவியாகும், ஆனால் எளிதில் பற்றாது. குளிர்காலத்தில் வெண்புகையாக வெளியேறியது அதுதான். கடுங்குளிரில் ஈய-அமில பேட்டரியின் மின்னழுத்தமும் சுமையின்கீழ் மேலும் இறங்கும் என்பதால், ஐந்தாம் நாள் இரவு நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பிளக்கும் அதன் கனெக்டரும்

`E-03` ஏன் வந்து, போய், மீண்டும் வந்தது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பிளக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தச் சுற்றில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. பாய்வது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்தால் பிளக் கோளாறு என்கிறது. பிளக்கே அறுந்திருந்தாலும் அதே குறிதான். கம்பியில் எங்காவது தொடர்பு விட்டுப்போனாலும் அதே குறிதான்.

சோதனை ஓட்டத்தின்போது பிளக்கின் கம்பி பலகையில் சேரும் கனெக்டரை விரலால் மெல்ல அசைத்தேன். 9 ஆம்பியர் என்றிருந்த அளவு 3-க்கு விழுந்து ஏறியது. மீண்டும் அசைத்தபோது திரையில் `E-03` வந்தது. கனெக்டரைப் பிரித்துப் பார்க்கையில், உள்ளே இருக்கும் பெண் முனைகளில் ஒன்று சூட்டில் தளர்ந்து, ஆண் முனையை இறுகப் பற்றாமல் விரிந்திருந்தது. உரிமையாளர் பிளக்கை மாற்றியபோது இதைப் பிரித்துச் சேர்த்ததால், தற்காலிகமாக நல்ல தொடர்பு கிடைத்துவிட்டது. நான்கு நாட்களின் அதிர்வும் சூடும் அதை மீண்டும் தளர்த்தின. எங்களை ஏமாற்றியது இந்த நான்கு நாள் குணம்தான்.

பழைய பிளக்கை டப்பாவிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். இந்தப் பிளக்குகளின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு. சாதாரண மல்டிமீட்டரில் அதன் கம்பிகளின் தடையே 0.2 ஓம் வரை காட்டும் என்பதால், முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்தே பார்க்க வேண்டும். பழையது 0.6 ஓம், புதியது 0.5 ஓம். வேறுபாடு சொல்லும்படியாக இல்லை. பிறகு இரண்டையும் கல்லின்மேல் வைத்து, பியூஸ் வழியாக 12 வோல்ட்டைச் சில நொடிகள் மட்டும் கொடுத்தேன். பலகை தேவைக்கேற்ப விட்டுவிட்டுக் கொடுக்கும் மின்சாரத்தை நேரடியாக நீண்ட நேரம் கொடுத்தால் பீங்கான் வெடித்துவிடும். இரண்டும் ஒரே விதமாக, பளீரென்று தணலாயின. "அப்போ அது நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் உரிமையாளர். தொலைபேசியில் நான் சொன்ன அறிவுரையின் பிழை அந்தக் கணத்தில் கல்லின்மேல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வலை

மின்சாரக் குறையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருந்தால் மீண்டும் தோற்றிருப்போம். பிளக்குக்குப் பின்னால் இருந்த உலோக வலையை மெல்லிய குறட்டால் இழுத்தபோது, அது வலையாகவே தெரியவில்லை. கரி இறுகி, தார் பூசிய துணிபோல இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டைகளில் பாதிக்குமேல் அடைபட்டிருந்தன. பிளக் அறையின் சுவரில், காற்று நுழைவதற்கென்று இருக்கும் சிறு துளையும் கரியால் மூடியிருந்தது.

இந்த வலை கண்ணாடி விளக்கின் திரியைப் போன்றது. டீசல் அதில் பரவி, பரந்த பரப்பிலிருந்து ஆவியாக வேண்டும். அடைபட்ட வலையில் டீசல் பரவாமல் சொட்டாக வடிகிறது. காற்றும் போதிய அளவு கலப்பதில்லை. முழுச் சூட்டில் தணலாகும் பிளக்குகூட அத்தகைய வலையில் டீசலைப் பற்றவைக்கத் திணறும்.

கரி சேர்ந்ததற்கு இரண்டு வழிகள் இருந்தன. சூடு போதாத பிளக்கால் தோற்ற ஒவ்வொரு தொடக்கமும் பாதி எரிந்த டீசலை வலையில் விட்டுச்சென்றது. அதோடு, 5 கிலோவாட் ஹீட்டரை இரண்டு குளிர்காலமும் மிகக் குறைந்த நிலையிலேயே ஓட்டியதால், பர்னர் தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் அளவுக்குச் சூடேறவே இல்லை. மின்சாரக் குறை கரியை உண்டாக்கியது. உண்டான கரி தானே இரண்டாவது காரணமாக மாறிவிட்டது. எனவே எது முதல், எது விளைவு என்று பிரித்து, ஒன்றை மட்டும் சரிசெய்வதற்கு இடமில்லை.

பர்னரைத் திறந்தபோது அடியில் ஈரமாக டீசல் இருந்தது. வெப்பப் பரிமாற்றியின் உட்புறத் தகடுகளில் மென்கரி படிந்திருந்தது. புகைக்குழாய் வண்டிக்கு அடியில் ஓரிடத்தில் தொய்ந்து, அந்தத் தாழ்வில் நீரும் டீசலும் கலந்து நின்றன. தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டிய வடிகால் துளை அதில் இல்லை. விசிறியின் பிளாஸ்டிக் உறையில் ஒரு விளிம்பு சூட்டில் சற்று வளைந்திருந்தது. முந்தின இரவு குளிர்விக்கும் காற்று நின்றுபோனதன் தடயம் அது. விசிறி எதிலும் உரசாமல் சுழன்றதால் அதை மாற்றவில்லை.

வண்டிக்குள் நெடி வந்த வழியும் தெரிந்தது. ஹீட்டரைக் கழற்றி மீண்டும் பொருத்தியபோது, தரைத் தகட்டுக்கும் ஹீட்டருக்கும் இடையிலுள்ள அடைப்புப் பட்டை ஒரு பக்கம் மடிந்து உட்கார்ந்திருந்தது. வண்டிக்கு அடியில் பரவிய புகை அந்த இடைவெளி வழியாக இருக்கைக்குக் கீழே ஏறியிருக்கிறது.

செய்த வேலை

பர்னரின் கரியைப் பித்தளைத் தூரிகையால் உலர்வாகத் தேய்த்து, தூசி உறிஞ்சியால் எடுத்தோம்; முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டோம். வலையைச் சுத்தம் செய்து மீண்டும் போடலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இழைகளுக்கு நடுவே இறுகிய கரி முழுவதும் போகாது, தேய்த்தால் இழைகள் அறுந்துவிடும். புதிய வலையை, அதன் திறப்பு அறைச் சுவரிலுள்ள காற்றுத் துளைக்கு நேராக வரும்படி நுழைத்தேன். இதைத் திருப்பிப் போட்டுவிட்டால், புதிய வலையும் புதிய பிளக்கும் இருந்தும் ஹீட்டர் புகைக்கும். பிளக்கை மாற்றும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பர்னர் கேஸ்கட்டும் தரைப் பட்டையும் புதியவை.

மின்சாரத்துக்கு, பேட்டரியிலிருந்து நேராக 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்து, மூடியுள்ள புதிய பியூஸ் தாங்கியைப் பேட்டரிக்கு அருகில் வைத்தோம். பிளக் கனெக்டரின் தளர்ந்த முனைகளை இடுக்கியால் நெருக்கிவிடுவது எளிது. ஆனால் சூட்டில் தளர்ந்த தகடு தன் இறுக்கத்தைத் திரும்பப் பெறாது என்பதால், முனைகளையே மாற்றினோம். புகைக்குழாயை இறங்குமுகமாக நிமிர்த்தி, தவிர்க்க முடியாத ஒரு தாழ்வில் சிறு வடிகால் துளை போட்டோம். பிளக்காக, ஏற்கெனவே இருந்த புதியதையே விட்டுவிட்டோம். பழையது மாற்றுப் பிளக்காக டப்பாவுக்குத் திரும்பியது.

முதல் ஓட்டமும் பின்னர் நடந்ததும்

திறந்தவெளியில், வண்டிக்குள் ஆள் இல்லாமல் முதல் ஓட்டத்தைத் தொடங்கினோம். பிளக் தணலாகும்போது ஹீட்டரின் நுழைவாயிலில் 11.9 வோல்ட் இருந்தது. பம்ப் தொடங்கியதும் சுடர் பற்றிய ஓசை கேட்டது; ஆனாலும் வெண்புகை வந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அது நீடித்தபோது, எதையோ தவறவிட்டுவிட்டோமோ என்று நினைத்தேன். நிறுத்தாமல் காத்திருக்க முடிவெடுத்ததற்குக் காரணம் இருந்தது. திரையில் பிழைக்குறி இல்லை; வெளிவரும் காற்று சூடேறிக்கொண்டிருந்தது; ஓசை சீராக இருந்தது. அதாவது பர்னரில் சுடர் நிலைத்துவிட்டது, புகைவது குழாயிலும் பரிமாற்றியிலும் ஊறியிருந்த பழைய டீசல். நான்காம் நிமிடத்தின் முடிவில் புகை மெலிந்து, முழுவதும் நின்றது. அதன்பின் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினோம். ஓசை உறுமலாக மாறியிருந்தாலோ கரும்புகை வந்திருந்தாலோ பொத்தானால் உடனே நிறுத்தியிருப்போம்.

கார்பன் மோனாக்சைடு கருவி படுக்கையின் தலைப்பக்கத்தில் பொருத்தப்பட்ட பிறகே உரிமையாளர் இரவுப் பயன்பாட்டைத் தொடங்கினார். இரவு முழுவதும் குறைந்த நிலையில் ஓட்டினாலும், காலையில் எழுந்ததும் கதவைத் திறந்துவைத்து இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

நான்காம் வாரத்தில் ஒருமுறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே சுடர் அணைந்து `E-08` வந்தது. இம்முறை அவர் மீண்டும் பொத்தானை அழுத்தவில்லை; என்னை அழைத்தார். நான் முதலில் கேட்டது எரிபொருள் அளவைத்தான். வண்டியின் டீசல் தொட்டியில் கால் பங்குக்கும் குறைவாக இருந்தது. ஹீட்டருக்கான உறிஞ்சு குழாய் தொட்டியின் அடிவரை போவதில்லை. ஹீட்டர் முழு டீசலையும் குடித்துவிட்டு வண்டியை நடுவழியில் நிறுத்திவிடக் கூடாது என்று அது வேண்டுமென்றே உயரத்தில் வைக்கப்படுகிறது. டீசல் நிரப்பி, குழாயில் புகுந்த காற்று நீங்கியதும் ஹீட்டர் முதல் முயற்சியிலேயே பற்றியது.

மூன்று மாதங்கள் கழித்து வலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். பழுப்பேறியிருந்தது, ஓட்டைகள் திறந்திருந்தன. தொடக்க நிமிடத்தின் மின்னழுத்தம் 11.8 வோல்ட். அந்த மூன்று மாதத்தில் `E-03`, `E-10` இரண்டும் வரவில்லை.

மாற்றிக்கொண்டவை

பிளக் பிழைக்குறியுடன் யார் அழைத்தாலும், பிளக் தணலாக இருக்கும் நிமிடத்தில் ஹீட்டரின் நுழைவாயிலில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்து சொல்லும்படி இப்போது முதலில் கேட்கிறேன். சும்மா இருக்கும்போது அளந்த எண்ணை ஏற்பதில்லை. பேட்டரி முனைக்கும் நுழைவாயிலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குமேல் வேறுபாடு இருந்தால், பிளக்கை வாங்குவதற்கு முன் கம்பியையும் பியூஸ் தாங்கியையும் பார்க்கச் சொல்கிறேன். பிளக்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வலையையும் சேர்த்து மாற்றாத வேலையை நான் ஏற்பதில்லை.

இரண்டு தொடக்கங்கள் தோற்றால் மூன்றாவது அழுத்தம் கூடாது என்பதை, அந்த உரிமையாளர் கட்டுப்பாட்டுத் திரைக்கு அருகே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஹீட்டரை முதன்மைச் சுவிட்சால் நிறுத்தக் கூடாது என்ற வரி அதற்குக் கீழே இருக்கிறது. வண்டியை இரவல் வாங்கிச் செல்லும் அவருடைய மகனுக்காக எழுதியது அது.

சரிசெய்யாமல் விட்டது ஒன்று உண்டு: ஹீட்டர் அந்த வண்டிக்கு இன்னும் பெரியதுதான். 2 கிலோவாட் ஹீட்டர் போதுமானது. அது நடுநிலையில் ஓடி, பர்னரைச் சூடாக வைத்திருக்கும். இருப்பதை மாற்ற வேண்டாம் என்று அவர் முடிவு செய்ததால், ஒவ்வொரு குளிர்காலத்தின் தொடக்கத்திலும் வலையைத் திறந்து பார்ப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்.